ஐந்து ட்யூப், மூன்று முகம்: அக்ரிலிக்கில் தோல் நிறம் கலக்கும் முறை

ஒரே போட்டோவில் நல்ல கருப்பாக ஒரு பாட்டி, மாநிறத்தில் அவர் மகள், வெளுப்பாக ஒரு பேத்தி. இடது பக்கம் ஜன்னல், பகல் வெளிச்சம். இந்த மூவரையும் சின்ன அக்ரிலிக் செட்டை வைத்து எப்படி நம்பும்படி வரைவது என்பதுதான் இங்கே விஷயம். கண், மூக்கு வரையும் முறை இதில் இல்லை. ஸ்கெட்ச் ஏற்கெனவே கேன்வாஸில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது எந்த நிறத்தோடு எந்த நிறம் என்பதில் இல்லை, எதை முதலில் சரிசெய்வது என்பதில்தான். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## 1. மேசைக்கு வர வேண்டியவை, வரக் கூடாதவை

செட்டில் 12 ட்யூப் இருந்தாலும் 5 மட்டும் வெளியே எடுங்கள்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரைன் ப்ளூ. நிறங்கள் குறைவாக இருந்தால், கலவை தப்பும்போது எதனால் தப்பியது என்று கண்டுபிடிக்கலாம். எட்டு நிறம் கலந்த சேற்றில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கருப்பு ட்யூபை மூடி வையுங்கள். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கருமை கிடைக்கும். ‘ஸ்கின் கலர்’ என்றோ ‘ஃபிளெஷ் டின்ட்’ என்றோ ஒரு ட்யூப் இருந்தால் அதையும் உள்ளே போடுங்கள். அது வெள்ளை நிறைய கலந்த இளஞ்சிவப்பு. அதிலிருந்து தொடங்கினால் மாநிறத்துக்கே திரும்பி வர முடியாது, பாட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சில செட்களில் அல்ட்ராமரைன் இருக்காது, பிரஷ்யன் ப்ளூவோ தாலோ ப்ளூவோ இருக்கும். அவை பச்சைப் பக்கம் சாய்ந்த நீலங்கள், வீரியமும் மிக அதிகம். நான் சொல்வதில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். தோல் பச்சையடித்தால் ஒரு துளி கிரிம்சன் சேருங்கள்.

வெள்ளை பேலட் வேண்டாம். வெள்ளைப் பரப்பின் மேல் எந்த நிறமும் இருப்பதைவிடக் கருமையாகத் தெரியும். அதை நம்பி வெளுப்பாகக் கலந்துவிடுவீர்கள். கண்ணாடித் துண்டுக்கு அடியில் சாம்பல் நிறத் தாளை வைத்தால் போதும். கேன்வாஸுக்கும் இதே காரணம்தான்: ஓக்கரும் துளி அல்ட்ராமரைனும் தண்ணீராகக் கரைத்து முதலில் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள்.

மின்விசிறிக்கடியில் அக்ரிலிக் சில நிமிடங்களில் தோல்கட்டும். ஒரு தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு, கலவைகளை அதில் வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். இந்த வேலைக்கு இது கட்டாயம் என்பேன். கலவை காய்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கலப்பது மிகக் கடினம்.

கலக்கப் பேலட் கத்தி. பிரஷ்ஷால் கலந்தால் மயிருக்குள் பாதி நிறம் தங்கிவிடும், பிறகு அது வேண்டாத இடத்தில் இறங்கும். கூடவே தெளிவான பிளாஸ்டிக் ஷீட் ஒன்று, ஓஎச்பி ஷீட் இருந்தால் நல்லது.

## 2. போட்டோ பொய் சொல்கிறதா என்று பாருங்கள்

நிறம் சரியாக வரவில்லை என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் போட்டோவைத்தான் கேட்பேன். போன் கேமராவின் பியூட்டி மோடு தோலை வெளுப்பாக்கி, கன்னத்தின் சிவப்பையும் தாடையின் சாம்பலையும் ஒரே பூச்சாக வழித்துவிடும். ஸ்டுடியோ பிரிண்டிலும் பெரும்பாலும் முகத்தை ‘கலராக்கி’த்தான் தருவார்கள். அதைப் பார்த்து வரைந்தால், நீங்கள் எவ்வளவு சரியாகக் கலந்தாலும் வீட்டார் “பாட்டி இப்படி இல்லையே” என்பார்கள்.

ஃபில்டர் இல்லாமல், ஃபிளாஷ் இல்லாமல், ஒரே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்த படம் வேண்டும். ஃபிளாஷ் முகத்தின் நிழலை அழித்துவிடும். நிழல் இல்லாத முகத்தில் தோல் நிறத்தைக் கண்டுபிடிக்கப் பிடிமானமே இருக்காது. போனைப் பார்த்து வரைவதானால் ஸ்கிரீனின் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். முடிந்தால் மேட் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் சோதனைக்கு அது உதவும்.

## 3. தாய்க்கலவை

யெல்லோ ஓக்கர் 3 பங்கு, பர்ன்ட் சியன்னா 2 பங்கு, கிரிம்சன் கத்தி நுனியில் எடுத்த துளி. நன்றாகக் குழைத்தால் சுட்ட மண் போன்ற ஒரு ஆரஞ்சுப் பழுப்பு வரும். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு செய்து டப்பாவில் வையுங்கள்.

மூன்று முகமும் இதிலிருந்துதான் வரப்போகின்றன. எந்த மனிதத் தோலும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில், ஆரஞ்சின் ஏதோ ஒரு வகையாகவே இருக்கிறது. கருப்பான முகத்துக்கும் வெளுப்பான முகத்துக்கும் பெரிய வேறுபாடு வண்ணத்தில் இல்லை, டோனில், அதாவது எவ்வளவு கருமை எவ்வளவு வெளுமை என்பதில் இருக்கிறது. ஒரே தாய்க்கலவையிலிருந்து பிரிவதால் மூவரும் ஒரே வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது போலவும் தெரிவார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனி நிறங்களில் தொடங்கினால், வெவ்வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மாணவர் தர ட்யூப்களில் நிறப்பொடியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் சொல்லும் பங்குகளைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு உங்கள் சோதனைத் தீற்றல் சொல்வதுதான்.

## 4. மாநிறத்தில் தொடங்குங்கள்

மூவரில் முதலில் மகள். நடுவில் இருப்பவரை முதலில் பிடித்துவிட்டால், மற்ற இருவரையும் அவரோடு ஒப்பிட்டே கலக்கலாம்.

அவர் முகத்தில் நேரடி மினுக்கமும் இல்லாத, நிழலும் இல்லாத இடத்தைத் தேடுங்கள். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் சரியாக இருக்கும். இதுதான் அவருடைய அடிப்படை நிறம்.

தாய்க்கலவை 2 பங்கு, வெள்ளை 1 பங்கு. முதலில் டோனை மட்டும் பாருங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு தீற்றல் வைத்து, பிரிண்டில் அந்தக் கன்னத்தின் மேல் போட்டுக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தீற்றல் எடுப்பாகத் தெரிந்தால் டோன் சரியில்லை. வெளுப்பாக இருந்தால் தாய்க்கலவை, கருமையாக இருந்தால் வெள்ளை. சந்தேகமாக இருந்தால் ஷீட்டையும் பிரிண்டையும் சேர்த்து போனில் கருப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தீற்றல் கன்னத்தில் மறைந்துபோனால் டோன் சரி.

டோன் அமைந்த பிறகுதான் வண்ணம். மஞ்சள் போதவில்லையா, ஓக்கர். சிவப்பு போதவில்லையா, துளி கிரிம்சன். இந்த வரிசை ஏன் என்றால், டோன் சரியாக இருந்து வண்ணம் சற்றுத் தப்பினாலும் பார்ப்பவர் கண் அதைத் தோலாக ஏற்றுக்கொள்ளும். வண்ணம் கச்சிதமாக இருந்து டோன் தப்பினால் ஏற்றுக்கொள்ளாது.

கடைசியாக மங்கல். ட்யூபிலிருந்து வந்த நிறங்கள் தோலைவிடத் துடிப்பானவை. இந்த நிலையில் கலவை கொஞ்சம் ஆரஞ்சு மிட்டாய் போலத்தான் இருக்கும். ஆரஞ்சுக்கு எதிர் நீலம். குண்டூசித் தலை அளவு அல்ட்ராமரைன் சேர்த்துக் குழையுங்கள், உடனே தோலாக அடங்கும். பலர் இந்த இடத்தில் பயந்து நீலத்தைத் தவிர்க்கிறார்கள், அல்லது ட்யூபிலிருந்து நேராகப் பிழிந்து எல்லாவற்றையும் சாம்பலாக்குகிறார்கள். நீலத்தைப் பேலட்டின் ஓரத்தில் தனியாக வைத்து, கத்தி நுனியில் தொட்டுத் தொட்டு எடுங்கள்.

நீலம் டோனையும் கொஞ்சம் இறக்கும். அதனால் இறுதியில் ஷீட் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

## 5. கருநிறம்: வெள்ளை ட்யூபைத் தள்ளி வையுங்கள்

வகுப்புகளில் அதிகம் கெட்டுப்போவது கருப்பான முகங்கள்தான். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: மாநிறக் கலவையில் கருப்பைச் சேர்த்து இறக்குவது, பிறகு வெள்ளையைச் சேர்த்து ஏற்றுவது. முன்னதில் முகம் கரியாகும். அதில் ஓக்கர் அதிகம் இருந்தால் பாசி பிடித்த பச்சையும் வரும், ஏனென்றால் மஞ்சளோடு கருப்பு சேர்ந்தால் பச்சைப் பக்கம்தான் போகும். பின்னதில் முகத்தில் சாம்பல் பூசியது போல ஆகும்.

பாட்டிக்கு இப்படித் தொடங்குங்கள். பர்ன்ட் சியன்னா 2 பங்கு, தாய்க்கலவை 1 பங்கு, அல்ட்ராமரைன் கால் பங்கு. ஆழமான, சூடான, அதாவது சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்த பழுப்பு கிடைக்கும். அவருடைய ஜன்னல் பக்கத்துக் கன்னத்தோடு ஷீட்டில் ஒப்பிடுங்கள். இன்னும் கருமை வேண்டுமென்றால் அல்ட்ராமரைனும் சியன்னாவும் சேர்த்தே ஏற்றுங்கள். நீலத்தை மட்டும் ஏற்றினால் தோலின் சூடு போய்விடும். மிகக் கருமையான தோல்களில் சிலருக்குச் சிவப்பு ஓட்டம், சிலருக்கு நீல ஓட்டம் இருக்கும். அதைப் போட்டோவில் கழுத்துப் பக்கம் பாருங்கள், முகத்தைவிட அங்கே தெளிவாகத் தெரியும்.

வெளிச்சம் படும் பகுதிக்கு வெள்ளைக்குப் பதிலாகத் தாய்க்கலவையையே சேர்த்து ஏற்றுங்கள். அது போதாதபோது கொஞ்சம் ஓக்கர். இந்த இரண்டும் டோனை உயர்த்தும், நிறத்தைக் கொல்லாது. டைட்டானியம் ஒயிட் மிகவும் மூடும் தன்மை கொண்டது, கலந்த எதையும் குளிர்ச்சியாக்கும், அதாவது நீலப் பக்கம் தள்ளும். வெளுப்பான தோலில் அது பெரிதாகத் தெரியாது. ஆழமான பழுப்பில் அதே அளவு வெள்ளை சுண்ணாம்பு மாதிரி நிற்கும்.

சரி, அப்படியானால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மினுங்கும் புள்ளிகள்? அவை தோலின் நிறமே இல்லை. தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். அந்தப் பளபளப்பு எல்லார் முகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சுற்றியுள்ள நிறம் ஆழமாக இருப்பதால் கருநிறத்தில் எடுப்பாகத் தெரிகிறது. ஆகவே அது வெளிச்சத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நம் படத்தில் ஜன்னல் வழியே வானத்து வெளிச்சம் வருவதால் அது நீலச் சாம்பல்: வெள்ளை 1 பங்கு, பாட்டியின் அடிப்படைக் கலவை 1 பங்கு, துளி அல்ட்ராமரைன். இதே பாட்டி மாலையில் குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்திருந்தால் மினுக்கம் ஓக்கரும் வெள்ளையுமாக இருந்திருக்கும்.

மினுக்கத்தைக் கடைசியில், சின்னதாக, ஓரம் ஓரளவு கூர்மையாக வையுங்கள். அதைப் பெரிய வட்டமாகத் தேய்த்துப் பரப்பினால் முகம் மெழுகுச் சிலையாகும்.

உதடு, உள்ளங்கை இரண்டையும் மறக்காதீர்கள். பாட்டியின் உதடு அடிப்படைக் கலவையில் கிரிம்சனும் துளி நீலமும் சேர்ந்த கத்தரிக்காய்ப் பழுப்பு. அதில் வெள்ளை கலந்து ரோஸ் ஆக்கினால் லிப்ஸ்டிக் போட்டது போல் ஆகிவிடும். உள்ளங்கை தெரிந்தால் அது ஏறக்குறைய மகளின் கலவைக்கு வந்துவிடும், ரேகைகள் மட்டும் கருமையாக.

## 6. வெளுப்பு

இங்கே வரிசை தலைகீழ். வெள்ளை 4 பங்கு எடுத்து, அதற்குள் தாய்க்கலவையை 1 பங்கு வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அடர் நிறத்தை வெளுப்பாக்க ஆரம்பித்தால் வெள்ளை ட்யூப் தீர்ந்துபோகும், நிறமும் பிடிபடாது.

இதில் வழக்கமான பிழை ரோஸ். பேத்தியின் கன்னம் சிவப்பாகத் தெரிகிறது என்று முகம் முழுக்கக் கிரிம்சன் சேர்ப்பார்கள், பிளாஸ்டிக் பொம்மை கிடைக்கும். அடிப்படைக் கலவை மஞ்சள் பக்கமே இருக்கட்டும். கிரிம்சனைக் கன்னம், மூக்கு நுனி, காது, விரல் கணு ஆகிய இடங்களுக்கு மட்டும் தனியாகக் கலந்து வையுங்கள்.

## 7. முகம் வரையும் முன் மூன்று சதுரம்

மூன்று அடிப்படைக் கலவைகளும் தயாரானதும் முகத்தில் போட அவசரப்பட வேண்டாம். ஒரு துண்டுக் கேன்வாஸில் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் சதுரமாக அடித்து, பின்னணிச் சுவரின் நிறத்தையும் சுற்றிப் பூசிக் காயவிடுங்கள்.

இரண்டு காரணம். ஒன்று, அக்ரிலிக் காய்ந்தால் கருமையாகும். ஈரமாக இருக்கும்போது அதன் பசை பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அடர் நிறங்களில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். பாட்டியின் சதுரம் காய்ந்து நீங்கள் நினைத்ததைவிட இறங்கியிருந்தால், கலவையைச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிறங்கள் தனியாக ஒரு மாதிரி, பக்கத்தில் இன்னொன்று வந்தால் வேறு மாதிரி. பேத்திக்குப் பக்கத்தில் பாட்டி இன்னும் கருப்பாகத் தெரிவார், வெளிர்ச் சுவருக்கு முன் அதைவிடவும். ஒப்பீடு சரியாக இருக்கிறதா என்பதைச் சதுரத்தில் பார்ப்பது எளிது, முழு முகத்தில் கண்டுபிடித்தால் திருத்தம் பெரிது.

## 8. நிழல் கலவைகள்

ஒவ்வொருவருக்கும் அவரவர் அடிப்படைக் கலவையிலிருந்து நிழலைப் பிரியுங்கள். மகளுக்கும் பேத்திக்கும் அடிப்படையோடு பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் அல்ட்ராமரைனும். பாட்டிக்குச் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சமமாகக் கலந்த கருமையைச் சேருங்கள்.

பேத்தியின் நிழல் பக்கத்தைக் கலக்கும்போது பலருக்குக் கை நடுங்கும், அவ்வளவு கருமையா என்று. கருப்பு வெள்ளைப் படத்தில் பாருங்கள்: பக்கவாட்டு வெளிச்சத்தில் வெளுப்பான முகத்தின் நிழல், கருப்பான முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு அருகில் வந்துவிடலாம். அந்த நிழலை இறக்கத் தயங்கினால் பேத்தியின் முகம் தட்டையாகும். அதை ஈடுகட்ட வெளிச்சப் பக்கத்தில் இன்னும் வெள்ளை ஏற்றுவீர்கள். யார் வெளுப்பு, யார் கருப்பு என்பது வெளிச்சப் பக்கத்தை வெளிச்சப் பக்கத்தோடும், நிழலை நிழலோடும் ஒப்பிடும்போதுதான் தெரியும். குறுக்காக ஒப்பிட்டால் குழப்பம்தான்.

ஜன்னல் வெளிச்சம் குளிர்ச்சி என்பதால் நம் படத்தில் நிழல்கள் சற்றுச் சூடாக இருக்கும். மூக்குத் துவாரம், காதின் உட்புறம், உதடுகள் சேரும் கோடு ஆகியவற்றில் கருப்புக்குப் பதில் கிரிம்சன் கலந்த அடர் பழுப்பு போடுங்கள். கண்ணின் வெள்ளையும் வெள்ளை அல்ல. இமையின் நிழல் விழுவதால் அது சாம்பல், பாட்டிக்குக் கொஞ்சம் ஓக்கர் கலந்த சாம்பல்.

## 9. முகத்துக்குள் நிறம் மாறும் இடங்கள்

ஒரே கலவையை முகம் முழுக்கப் பூசினால் முகமூடியாகும். நெற்றி சற்று மஞ்சள், நடுப்பகுதி சற்றுச் சிவப்பு, தாடை சற்றுச் சாம்பல் என்று பொதுவாகப் பிரியும். நெற்றியில் தோலுக்கடியில் எலும்பு, கன்னத்திலும் மூக்கிலும் ரத்த ஓட்டம் அதிகம். ஆண்களுக்குத் தாடைச் சாம்பல் மழித்த மயிரால் இன்னும் கூடும்.

இதற்குப் புதுக் கலவை தேவையில்லை. அடிப்படைக் கலவையை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் ஓக்கர், ஒன்றில் கிரிம்சன், ஒன்றில் அல்ட்ராமரைன், ஒவ்வொன்றும் துளி மட்டும். டோன் மாறக் கூடாது. பேத்தியிடம் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், பாட்டியிடம் மிக மெல்லியது. ஆனால் அவர் முகத்திலும் இருக்கிறது. நம் ஊரில் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் கருத்திருப்பது சகஜம். அதைக் குறை என்று வெளுப்பாக்கினால் சாயல் போய்விடும், போட்டோவில் உள்ளபடி வையுங்கள்.

## 10. காய்ந்த பிறகு திருத்துவது

சுண்ணாம்பு போல் தெரிந்தால் மறுபடி மூடிப் பூசாதீர்கள். பர்ன்ட் சியன்னாவை, நிறமில்லாத அக்ரிலிக் பசையான கிளேசிங் மீடியத்தில் தேநீர் அளவுக்குக் கரைத்து, நன்றாகக் காய்ந்த முகத்தின் மேல் மெல்லிய பூச்சு கொடுங்கள். அடியில் வரைந்தது தெரியும், சூடு திரும்பி வரும். பச்சையடித்த இடத்துக்கு இதே முறையில் கிரிம்சன், ஆரஞ்சு தூக்கலான இடத்துக்கு அல்ட்ராமரைன்.

வெறும் தண்ணீரில் கரைத்தால் பசை மிகவும் நீர்த்துப்போய் நிறம் சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால் மீடியம். முதல் பூச்சு முழுக்கக் காயாமல் இரண்டாவதைப் போட்டால் பிரஷ் முதல் பூச்சைத் துண்டு துண்டாகக் கிளப்பிவிடும். டோனை வெளுப்பாக ஏற்ற வேண்டியிருந்தால் மட்டும் இந்த மெல்லிய பூச்சு உதவாது. அது இருப்பதைக் கருமையாக்கும், வெளுப்பாக்காது. அப்போது டிபன் டப்பாவைத் திறந்து, மிச்சமிருக்கும் அடிப்படைக் கலவையை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி பூச வேண்டியதுதான்.